மயிலாக்காவும் சிவக்காத கம்பியும்

மயிலாளை எங்கள் கம்பெனியில் எல்லோரும் மயிலாக்கா என்றுதான் கூப்பிடுவோம். முதலாளி குமாரசாமி மட்டும் "ஏம்மா" என்பார். பெருமாநல்லூர் ரோட்டில் இருந்தது எங்கள் பனியன் கம்பெனி. கீழே தையலும் அயர்னிங்கும், நடுமாடியில் செக்கிங், மேல் மாடியில் ஆபீஸ், ஆபீசை ஒட்டி வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு ஒரு சாப்பாட்டு அறையும் சமையலறையும். நான் அங்கே ஃபேக்ஸ் அனுப்புகிற, பையர்களுக்கு, அதாவது வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்களுக்கு, கடிதம் எழுதுகிற ஆள். பெயர் அர்த்தநாரி. இந்தக் கதையில் என் வேலை பெரும்பாலும் மீன் தின்றதுதான்.

மயிலாக்கா பதினோரு வருஷம் செக்கிங் மேஜையில் நின்றவர். பனியனை விரித்து, தோளைத் தடவி, கையை உள்ளே விட்டுத் தையலைப் பார்த்து, மடித்து அந்தப் பக்கம் போடுவார். ஒரு பனியனுக்கு நாற்பது விநாடி. கூடவும் ஆகாது, குறையவும் ஆகாது. பக்கத்து மேஜைப் பெண்கள் ஊர்க்கதை பேசும்போதும் அவர் கை மட்டும் நாற்பது விநாடிக்கு ஒருமுறை திரும்பும். ஆனால் பஞ்சுத் தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தொண்ணூறாம் வருஷம் இருமல் பிடித்தது, மூச்சு இழுத்தது. டாக்டர் தூசிப் பக்கமே போகக் கூடாது என்றார். தூசி இல்லாத வேலை எங்கள் கம்பெனியில் ஒன்றே ஒன்றுதான், மேல் மாடிச் சமையல். முதலாளி அவரை அங்கே ஏற்றினார். ஆறு மாதத்தில் இருமல் போயிற்று. கன்னத்தில் கொஞ்சம் சதையும் வைத்தது.

தொண்ணூற்றிரண்டில் யோஸ்ட் வந்தார். ஹாலந்துக்காரர், எங்கள் பெரிய பையர். வயிற்றில் ஆபரேஷன் ஆனவர். எண்ணெயில் பொரித்தது எதையும் தொட மாட்டார். வருஷத்துக்கு மூன்று தடவை வருகிறவர் சோற்றையும் தயிரையும் மட்டும் தின்று போவதைப் பார்க்க முதலாளிக்கே கஷ்டமாக இருந்தது. அதனால் சிங்கப்பூர் போனபோது ஒரு மின்சார ஓவன் வாங்கி வந்துவிட்டார். மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி. மேல் கம்பி மட்டும் எரிந்தால் அதற்குப் பெயர் கிரில். யோஸ்ட் அடுத்த முறை வரும்போது கிரில் மீன் போட வேண்டும் என்று மயிலாக்காவிடம் சொன்னார் முதலாளி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "சரியா வரலைன்னா சொல்லும்மா, கோயமுத்தூர் ஓட்டல்ல ஒரு குக் இருக்கான். திங்கக்கிழமையே வரேங்கறான். நீ பழையபடி செக்கிங்குக்குப் போயிரலாம்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நல்ல மனதோடு சொல்கிறவர்களிடம் சண்டையும் போட முடிவதில்லை. மயிலாக்கா என் பக்கம் திரும்பி, "அர்த்தநாரி, ஓவனோட வந்த பொஸ்தகத்தப் படிங்க. எனக்கு மறுக்கா அந்தத் தூசிக்குள்ள போக முடியாதுங்க" என்றார்.

யோஸ்ட் வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. தினமும் ஒரு மணிக்கு மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும். முதலாளி வீட்டுக்குப் போவார். அந்த அரை மணி நேரம்தான் சமையலறை எங்களுடையது. வஞ்சிரம் கொச்சியிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். மயிலாக்கா ஒரு அங்குலக் கனத்தில் துண்டு போடச் சொல்லி வாங்குவார்.

முதல் நாள் மீனைக் கீழ்த்தட்டில் வைத்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து நெருப்பைக் கீழே பார்த்த கை. மீன் தண்ணீர் விட்டு, வெளுத்து, அவித்ததுபோல வந்தது. அதைத் தின்றேன். மறுநாள் கோபத்தில் கம்பியை ஒட்டி மேல்தட்டில் வைத்தார். மேலே கரி, நடுவில் பச்சை. அதையும் தின்றேன்.

"இதென்னுங்க அடுப்பு, தலைகீழா எரியுது" என்றவர் இடுப்பில் கை வைத்து நின்றார். பிறகு ஓவன் சுவரில் தட்டைச் செருகுகிற பள்ளங்களில், மேலிருந்து இரண்டாவது பள்ளத்துக்கு அதை இறக்கினார். கம்பிக்கும் மீனுக்கும் நடுவில் நாலு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தது. அன்றைக்கு வந்தது பாருங்கள், மேலே பொன்னிறம், உள்ளே பூவாக உதிர்ந்தது.

மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. மீனில் ஈரம் இருந்தால் நிறம் வராது, ஆவிதான் வரும். கட்டிங் மேஜையில் மிஞ்சிய புது வெள்ளைத் துணியை அலசிக் காயவைத்து, ஒவ்வொரு துண்டையும் ஒற்றி எடுத்த பிறகே உப்பு, மிளகு, மஞ்சள், எண்ணெய் ஒரு பூச்சு. கதவை முழுதாகச் சாத்தினால் உள்ளே சூடு ஏறியதும் கம்பி தானாக அணைந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தார். புத்தகத்தைப் புரட்டினேன், கதவைக் கொஞ்சம் திறந்தே வைக்கவும் என்று போட்டிருந்தது. படித்தவன் நான், கண்டுபிடித்தவர் அவர். கம்பித்தட்டுக்கு அடியில் ஒரு டிரேயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தார். சொட்டுகிற எண்ணெய் புகையவில்லை.

நேரத்துக்குக் கடிகாரம் பார்க்க மாட்டார். அவருக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருந்தது. வெறும் ஓவன் காய்வதற்குப் பதினைந்து பனியன். அதாவது பத்து நிமிஷம். ஒரு பக்கத்துக்கு எட்டு பனியன், திருப்பிப் போட்டு ஏழு. கை காற்றில் பனியனை விரிப்பதும் மடிப்பதுமாக இருக்கும். நான் ரகசியமாக வாட்சைப் பார்ப்பேன். ஒருநாளும் தவறவில்லை. கோழித் துண்டைக் கம்பியில் கோத்துக் கபாபும் செய்தார். அது கனம் என்பதால் ஒரு பள்ளம் இறக்கி, நாலு பக்கமும் திருப்பினார். இரண்டாவது வாரம் முடியும்போது எனக்கு மீன் மேல் ஆசை போய்விட்டது. அவருக்கு ஓவன் மேல் பயம் போய்விட்டது.

"இனி அந்தக் கோயமுத்தூர்க்காரன் வந்தா ஒக்கார வெச்சு நானே சோறு போடறனுங்க" என்றார்.

யோஸ்ட் வந்த சனிக்கிழமை, பன்னிரண்டரைக்கே சாப்பாடு வேண்டும் என்றார். மூன்று மணிக்கு அவருடைய சரக்கு லாரி ஏறவேண்டும், அதற்கு முன் பார்த்துவிட வேண்டுமாம். முதலாளியும் அவரும் கீழே அயர்னிங்கில் நின்றிருந்தார்கள்.

மயிலாக்கா பன்னிரண்டு அடிப்பதற்கு முன்பே கிரில்லைப் போட்டார். பதினைந்து பனியன் எண்ணினார். பத்துத் துண்டு மீன் துடைத்துத் தயாராக இருந்தது. ஆனால் பத்தையும் வைக்கவில்லை. எந்தச் சரக்குக்கும் முதலில் சாம்பிள் போட்டுப் பார்க்காமல் இந்த ஊரில் யாரும் வேலையைத் தொடங்க மாட்டார்கள். இரண்டு துண்டை மட்டும் வைத்தார். எட்டு பனியன் முடிந்து இழுத்துப் பார்த்தால் மீன் முதல் நாள்போல வெளுத்து, ஓரத்தில் தண்ணீர் விட்டுக் கிடந்தது.

தட்டு இரண்டாவது பள்ளத்தில்தான் இருந்தது. கதவும் கொஞ்சம் திறந்துதான் இருந்தது. குனிந்து உள்ளே பார்த்தார். கம்பி சிவக்கவில்லை. செங்கல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. மணி பன்னிரண்டே கால்.

"ஓவன் கெட்டுப்போச்சுங்களாக்கா?" என்றேன்.

பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசர் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. மயிலாக்கா, வருகிற கரண்டின் வோல்ட்டைக் காட்டும் அதன் முள்ளைப் பார்த்தார். நூற்றியெழுபது.

"நாம மீன் சுடறப்பெல்லாம் இது இருநூத்தி இருவதுல நிக்குமுங்க" என்றார் மெதுவாக. பிறகு, "நாம எப்பவும் எத்தன மணிக்குச் சுட்டமுங்க?"

"சாப்பாட்டு நேரத்துல."

"அப்பக் கீழ அயர்ன் பொட்டியெல்லாம் அணைச்சுக் கெடக்கும். இப்ப இருவது பொட்டி ஓடுது. கரண்டெல்லாம் அதுக்கே போவுதுங்க. நான் எண்ணற எட்டு பனியன் சாப்பாட்டு நேரத்துப் பனியனுங்க."

இரண்டு வாரம் கூடவே நின்ற எனக்கு இது தோன்றவே இல்லை. அவர் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னால் ஓடினேன்.

அயர்னிங் மாஸ்டர் நாச்சிமுத்து வாசல் பக்கம் நின்றிருந்தார்.

"ஏனுங்கண்ணா, பொட்டியெல்லாம் சித்த நேரம் அணைக்கோணுமுங்க. மேல ஓவன் காயமாட்டேங்குது."

"உனக்கென்ன புள்ள, மீனு. எனக்கு மூணு மணிக்கு லாரி. மொதலாளியே அங்க நிக்கறாரு. மணி அடிக்காம ஒரு பொட்டிய அணைக்க மாட்டன்."

"மணி அடிச்சா அணைப்பீங்களா?"

"மணி அடிச்சா அணைச்சுத்தான ஆகோணும்."

படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதுதான் மணி. மயிலாக்கா நேராகப் போய் அதை அடிக்கிற இரும்புக் கம்பியை எடுத்து ஆறு அடி அடித்தார். என் உயிர் போய் வந்தது. அந்த மணிச் சத்தத்துக்கு இந்தக் கம்பெனியில் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. தையல் மெஷின்கள் நின்றன. இருபது அயர்ன் பெட்டிகளும் அணைந்தன. இருநூறு பேர் சாப்பாட்டுத் தூக்குப் போசியோடு எழுந்தார்கள். தூரத்தில் முதலாளி கை வாட்சைப் பார்த்துவிட்டு அதைக் காதில் வைத்துப் பார்த்தார்.

மேலே வந்தபோது முள் இருநூற்றிருபதில் நின்றது. மயிலாக்கா சாம்பிளை வெளியே எடுத்து என்னிடம் தள்ளினார். வெறும் ஓவனை மறுபடி காயவிட்டார். இந்த முறை பனியன் எண்ணவில்லை. குனிந்து கம்பியையே பார்த்தார். அது மங்கலிலிருந்து சிவந்து, பழுத்த ஆரஞ்சு நிறத்துக்கு வந்தது. அப்புறம்தான் மீதி எட்டுத் துண்டையும் கம்பிக்கு நேர் கீழே நெருக்காமல் அடுக்கி உள்ளே தள்ளினார்.

யோஸ்ட் மேஜையில் கால் மணி நேரம் காத்திருந்தார். பிறகு மூன்று துண்டு சாப்பிட்டார். எலுமிச்சையைப் பிழிந்து, மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்து, எங்கள் ஊரில் முதல் தடவையாக வயிறு நிறைந்தது என்றார். நான் அதை மயிலாக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

அவர் கீழே போனதும் முதலாளி சமையலறை வாசலுக்கு வந்தார்.

"மணி அடிச்சது யாரு?"

"நாந்தானுங்க."

"லாரி மூணு மணிக்கும்மா."

"அரை மணி நேரம் அரை மணி நேரந்தானுங்க. முன்னால போனவங்க முன்னால வந்துருவாங்க. ஆனா கம்பி செவக்காம மீன் வேகாதுங்க" என்று ஸ்டெபிலைசர் முள்ளைக் காட்டினார். கீழே சாப்பிட்டு முடித்தவர்கள் பெட்டியைப் போட்டிருந்தார்கள், அது மறுபடி நூற்றியெழுபதில் நின்றது.

முதலாளி குனிந்து முள்ளைப் பார்த்தார். மயிலாக்கா துணியை எடுத்துத் துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தார். பயத்தை அவர் முகத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"திங்கக்கிழமை அந்தக் கோயமுத்தூர்க்காரன்..." என்று மயிலாக்காவே தொடங்கினார்.

"அவனுக்கு மீன் சுடத் தெரியும்மா" என்றார் முதலாளி. "மணி அடிக்கத் தெரியாது. வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

ஓவனுக்குத் தனி லைன் இழுத்துத் தருவதாக எலக்ட்ரீசியன் அந்த வாரமே சொன்னார். ஏழு வருஷம் கழித்து நான் வேலையை விட்ட நாளிலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அந்த ஏழு வருஷமும் வெளிநாட்டு விருந்தாளி வருகிற நாளில் காலையிலேயே நாச்சிமுத்து படியேறி வருவார். "மயிலா, இன்னைக்கு எத்தன மணிக்குப் புள்ள?" என்பார். மயிலாக்கா மீன் துண்டை விரலால் அழுத்திக் கனம் பார்த்துவிட்டு நேரத்தைச் சொல்வார். இருநூறு பேரும் அந்த நேரத்துக்குச் சாப்பிடப் போவார்கள்.