வரி வசூலிக்கத் தகுதியற்றவர்

பெங்களூரு நீலசந்திராவில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து என் தோழி அட்டைப்பெட்டி செய்யத் தொடங்கியபோது, அவளுக்கு ஜிஎஸ்டி பதிவு செய்து கொடுத்தது நான்தான். நானும் அவளும் பிரேசர் டவுனில் ஒரே கல்லூரியில் பி.காம். படித்தவர்கள். நான் பீன்யாவில் டீத்தூள் பாக்கெட் போடும் கம்பெனியில் கணக்குப் பிரிவுக்குப் போனேன். அவள் நாலைந்து இடங்களில் வேலை பார்த்துவிட்டு, அட்டை தைக்கும் பழைய இயந்திரமும் மடிப்பு இயந்திரமும் வாங்கித் தனியாக நின்றாள்.

"எனக்கு மாசாமாசம் ரிட்டர்ன் போடுற தலைவலி எல்லாம் வேணாம்டீ. சின்னதா, சுலபமா ஏதாச்சும் இருந்தா சொல்லு" என்றாள்.

சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். விற்பனையில் நூற்றுக்கு ஒரு ரூபாயை அவளே கையிலிருந்து மூன்று மாதத்துக்கொரு முறை கட்ட வேண்டும். வாங்குபவரிடம் வரி என்று ஒரு பைசா கேட்கக் கூடாது. அவள் கொடுக்கும் சீட்டு வரியைத் தனியாகக் காட்டும் டேக்ஸ் இன்வாய்ஸ் அல்ல, வரியே காட்டாத பில் ஆஃப் சப்ளை. அதன் தலைப்பிலேயே 'காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர், வரி வசூலிக்கத் தகுதியற்றவர்' என்று ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அந்த வாசகத்தைப் படித்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தகுதியில்லாதவள்னு நானே என் பில்லுல அடிச்சிக்கணுமா? நல்லா இருக்குடீ உங்க சட்டம்."

பிறகு எங்கள் கம்பெனிக்கே பெட்டி போட அவளைச் சேர்த்துவிட்டேன். பெட்டி நன்றாக இருந்தது, சொன்ன நாளில் வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் எந்தப் பிரச்சினையும் இல்லை.

அதற்குப் பிறகு புது ஃபைனான்ஸ் மேனேஜர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை, கறாரானவர். சப்ளையர்களின் பில்களை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கேண்டீனுக்கு வந்த காய்கறி மண்டி பில்லும் பில் ஆஃப் சப்ளைதான். பச்சைக் காய்கறிக்கு வரியே கிடையாது என்பதால் அதை ஒன்றும் சொல்லாமல் தள்ளிவைத்தார். என் தோழியின் பில்லில் மட்டும் நின்றார்.

"பெட்டிக்கு டாக்ஸ் இருக்கே. நமக்கு ஏன் கிரெடிட் வரல? இவங்க டாக்ஸ் இன்வாய்ஸ் கொடுக்கணும். இல்லேன்னா வேற வெண்டர் பாருங்க."

அவர் கேட்டதில் தப்பில்லை. டேக்ஸ் இன்வாய்ஸ் வந்தால் நாங்கள் பெட்டிக்குக் கொடுத்த வரியை, டீத்தூளுக்குக் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். பில் ஆஃப் சப்ளையில் கழிக்க ஒன்றும் இல்லை.

அன்று மாதக் கடைசி. மூன்று பேர் என் மேசையைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவளிடம் சொன்னேன்:

"இனிமே டேக்ஸ் இன்வாய்ஸ் குடுடீ. இல்லன்னா ஆர்டர் போயிடும்."

"அப்ப நான் வேற ஏதாச்சும் பண்ணணுமா?"

"அப்புறம் சொல்றேன். இப்ப வேலையா இருக்கேன்."

அந்த அப்புறம் வரவே இல்லை. சொல்ல வேண்டியது நாலு வரிதான். முதலில் ஒரு படிவம் போட்டு காம்போசிஷனிலிருந்து வெளியே வர வேண்டும். வந்த நாளிலிருந்துதான் டேக்ஸ் இன்வாய்ஸ் எழுதலாம். வசூலித்த வரியைக் கணக்குக் காட்டிக் கட்ட வேண்டும். அட்டை வாங்கும்போது கொடுத்த வரியை அதில் கழித்துக்கொள்ளலாம். இதை ஊரில் யார் யாருக்கோ சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வாரமே அவளுடைய புது பில் வந்தது. பளிச்சென்று டேக்ஸ் இன்வாய்ஸ் என்று அச்சடித்து, கீழே வரி தனியாகப் போட்டிருந்தாள். சமர்த்து, எல்லாவற்றையும் முடித்துவிட்டாள் என்று நினைத்து கையெழுத்துப் போட்டேன். அவளுடைய பதிவு எண்ணை இணையதளத்தில் ஒரு முறை தட்டியிருந்தால், இன்னும் காம்போசிஷனில்தான் இருக்கிறாள் என்று காட்டியிருக்கும். நான் தட்டவில்லை.

சப்ளையர்கள் கணக்குக் காட்டிய பில்கள் இணையதளத்தில் எங்கள் கிரெடிட் பட்டியலில் வரும்; முதல் மாதம் அதில் அவள் பில்கள் வரவில்லை. தாமதமாகப் போட்டிருப்பாள் என்று விட்டேன். இரண்டாம் மாதமும் இல்லை. கேட்டால், "நான் கரெக்டா கட்டிட்டுதான்டீ இருக்கேன்" என்றாள். அவள் கட்டிக்கொண்டிருந்தது அந்தப் பழைய ஒரு ரூபாயை. அப்போதுதான் அவள் பதிவு எண்ணை இணையதளத்தில் தட்டிப் பார்த்தேன். மேனேஜர் எனக்கு முன்பே பார்த்துவிட்டிருந்தார்.

அவளை ஆபீசுக்கு வரவழைத்தார். கண்ணாடி அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவள் இஸ்திரி போட்ட நீலச் சுடிதார் போட்டிருந்தாள். ஆர்டரை அதிகமாக்கப் போகிறார்கள் என்று நினைத்து வந்தாளாம். பிறகொரு நாள் அவள் அம்மா சொன்னார்.

"காம்போசிஷன்ல இருந்துக்கிட்டு டாக்ஸ் கலெக்ட் பண்ணியிருக்கீங்க. அது ஆஃபென்ஸ்மா. யாரு இப்படிப் பண்ணச் சொன்னது?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான் இருக்கும். நான் மேசைமேல் இருந்த பில்களைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லல சார். நானேதான். எனக்குத் தெரியல."

நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலை, என் வீட்டு வாடகை, புது மேனேஜர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பதெல்லாம் அந்த நொடியில் மனதில் ஓடின. அவளுக்கும் அதெல்லாம் தெரியும். அதனால்தான் அப்படிச் சொன்னாள்.

அன்று மாலையே வரி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போக வேண்டும் என்றார் மேனேஜர். கம்பெனிமேல் பழி வராமலிருக்க. அதை டைப் அடித்தது நான். அவள் பெயரை, முகவரியை, பதிவு எண்ணைப் பார்க்காமலேயே அடிக்க முடிந்தது, எல்லாம் நானே ஒரு காலத்தில் நிரப்பியவை.

அவளுக்கு நோட்டீஸ் வந்தது. வரி என்று வாங்கியதை முழுவதும் அரசுக்குக் கட்ட வேண்டும், வட்டியும் அபராதமும் தனி. காம்போசிஷனில் இருந்ததால் அட்டைக்குக் கொடுத்த வரியைக் கழிக்கவும் வழியில்லை. எங்கள் ஆர்டரும் நின்றது. அவள் இயந்திரங்களை விற்றுக் கட்டினாள்.

கேள்விப்பட்டு ஓடினேன். அறைகள் காலியாக இருந்தன. தரையில் இயந்திரம் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை. அவள் துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

"வாங்க" என்றாள்.

கல்லூரி நாளிலிருந்து ஒரு தடவைகூட அவள் என்னை அப்படி அழைத்ததில்லை. கோபமாகச் சொன்னது மாதிரியும் இல்லை. வந்தவர்களைக் கூப்பிடுவது போல இயல்பாக இருந்தது.

"நான் மேனேஜர்கிட்ட உண்மையச் சொல்லிடறேன்" என்றேன்.

"இப்பச் சொல்லி என்னங்க ஆகப்போகுது? உங்க வேலையும் போகும். காபி போடறேன், உக்காருங்க."

"என்னைத் திட்டவாவது செய்டீ."

அவள் பின்னறை அடுப்புக்குப் போனாள். அங்கே நின்று கொஞ்ச நேரம் அழுதாள் என்று நினைக்கிறேன். காபி கொண்டுவந்தபோது முகம் கழுவியிருந்தாள். குடித்து முடித்தோம். வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

மறுநாள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபோனில் நான் சொன்னதை, சொல்லாமல் விட்டதை, கண்ணாடி அறையில் பேசாமல் இருந்ததை. அவர் கேட்டுக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஃபைல் க்ளோஸ் ஆயிடுச்சும்மா. விடுங்க" என்றார். "நாளைக்கு அந்தப் புது பாக்ஸ் வெண்டர் வராங்க. ரேட் பேசிடுங்க."

வேலை போகவில்லை. ஒரு மெமோகூட வரவில்லை. அவளிடம் சொல்லலாம் என்று ஃபோன் செய்தேன். நாலு நாள் கழித்து எடுத்தாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள்.

"சரிங்க. லன்ச் பிரேக் முடியுது, வச்சிடறேன்" என்றாள்.