பெட்டிக்குள் நின்றுபோன கடிதம்

வெள்ளவத்தையில், காலி வீதியோரம், ஒரு சிறிய கடையில் இருந்து விண்ணப்பப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கிறேன். விசா, கடவுச்சீட்டு, பரீட்சை, எல்லாமே இப்போது கணினியில்தான். எனக்குக் கை வேகம், பொறுமை குறைவு. வாயும் கொஞ்சம் நீளம்.

ஒருநாள் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அன்ரி வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு முதற்பிரசவம், இன்னும் இரண்டரை மாதத்தில். தலைப்பிரசவத்துக்குத் தாய் பக்கத்தில் நிற்பது எங்கள் வீடுகளில் யாரும் யோசித்து முடிவெடுக்கிற விஷயம் இல்லை. அவருக்கு விசா வேண்டும், அவ்வளவுதான்.

படிவத்தின் கடைசியில் மேலதிக விபரத்துக்கு ஒரு பெட்டி இருந்தது. அதற்காக அவருடைய கணவர் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். பாரிசவாதத்தில் வலப்பக்கம் விழுந்தவர், இடக்கை விரல் ஒன்றால் தட்டியிருக்கிறார். எங்கள் ஆட்கள் கடிதம் எழுதும் முறை தெரியும்தானே. வணக்கம் சொல்லி, பிறந்த ஊர் சொல்லி, பிள்ளைகள் எத்தனை பேர், யார் எங்கே படித்தார்கள் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவோம். அவருடைய விஷயமும் கடைசிப் பந்தியில்தான் இருந்தது: தான் படுக்கையில், பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில், மனைவியை விட்டால் பார்க்க ஆள் இல்லை, தன் தங்கை இரண்டு மாதம் மட்டும் வந்து நிற்பாள், ஆகவே மனைவி திரும்பி வந்தே ஆகவேண்டும்.

கடிதத்தைக் கொப்பி பண்ணிப் பெட்டிக்குள் போட்டேன். முதல் நாலு வரி தெரிந்தது. சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கையும் வரவில்லை. அன்ரிக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன், ஆனால் பெட்டியைப் பார்த்தல்ல, என் போனைப் பார்த்து. பிறகு அனுப்பிவிட்டேன்.

ஐந்து வாரத்தில் மறுப்பு வந்தது. இலங்கைக்குத் திரும்பிப் போவதற்கான காரணம் எதையும் விண்ணப்பதாரர் சொல்லவில்லையாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. எழுதியதை வாசிக்கக்கூடத் தெரியாதவர்களை எதற்கு அங்கே இருத்தியிருக்கிறார்கள் என்று கத்தினேன். அன்ரி கத்தவில்லை. மறுப்பு வந்ததிலிருந்து மனுசன் சரியாகச் சாப்பிடுவதில்லை, தன்னுடைய கடிதம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று சுவரைப் பார்த்தபடி கிடக்கிறார் என்று மட்டும் சொன்னார்.

முகத்தில் அடித்தாற்போல் ஒரு பதில் எழுதுவோம் என்று, அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதியைத் திறந்தேன். கடிதம் இளைய மகனின் படிப்பில், ஒரு சொல்லின் நடுவில், நின்றிருந்தது. அதற்குப் பிறகு வெறும் வெள்ளை.

புதிதாக ஒரு படிவத்தைத் திறந்து அதே கடிதத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். இந்த முறை பெட்டிக்குள் கீழே, கடைசி எழுத்துவரை போனேன். அதே இடம், அதே பாதிச் சொல். இன்னோர் எழுத்தைத் தட்டினேன், விழவில்லை. ஓர் எழுத்தை அழித்துவிட்டுத் தட்டினேன், விழுந்தது. பெட்டி நிறைந்திருந்தது, வேறொன்றுமில்லை. உள்ளே இருந்ததை எண்ணிப் பார்த்தேன். சொற்களுக்கு நடுவே விட்ட இடைவெளியையும் சேர்த்து ஆயிரம். மிச்சம் அறுநூறை அது சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். கடைசி வரியை ஒருதரம் பார்த்திருந்தால் எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

கணினிக் கோளாறு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். சொல்ல வாயும் எடுத்தேன். அன்ரியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அன்ரி, இது என்ர பிழை. நான் பாக்காமல் அனுப்பிப்போட்டன்" என்றேன்.

ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். அவர் போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டு, எனக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டார்.

"இஞ்சேருங்கோ, உங்கட கடிதத்தில பிழை இல்லையாம். அது முழுசாப் போய்ச் சேரேல்ல."

அந்தப் பக்கத்திலிருந்து கணவர், எங்கே வெட்டுப்பட்டது என்று கேட்டார். நான் சொன்னேன்.

"அப்ப நான் படுத்துக்கிடக்கிறது அவங்களுக்குத் தெரியவே தெரியாது," என்றார். குரலில் கோபம் இல்லை. ஆறுதல்தான் இருந்தது, எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அடுத்த நாள் புதுக் கடிதம் வந்தது. வணக்கமும் இல்லை, ஊரும் இல்லை. தான் நடக்கமாட்டாதவர், மனைவி திரும்பி வருவாள் என்பதுதான் முதல் வரி. எண்ணூறு எழுத்தில் முடித்திருந்தார். போட்ட பிறகு, பெட்டியில் இருந்ததையே திருப்பி எடுத்து, கடைசிப் புள்ளிவரை அன்ரிக்கு வாசித்துக் காட்டி, அவர் ஓம் என்ற பிறகே அனுப்பினேன்.

விசா கிடைத்தது. அது வந்த அன்று பேரப்பிள்ளைக்கு வயது எட்டு நாள். மகள் ஆஸ்பத்திரிக்குப் போனதும் வந்ததும் தனியாகத்தான்.  அந்த எட்டு நாளையும் அன்ரிக்கு இல்லாமல் ஆக்கியது நான்.