கேள்விக்குறிகளாய்ப் போன பெயர்கள்

தோட்டத்து ஆட்களின் பெயர்களைத் தமிழிலேயே பதிய வேண்டும் என்று ஹற்றன் அலுவலகத்தில் ஒற்றைக்காலில் நின்றவன் நான்தான். கண் சத்திரசிகிச்சைக்கு ஆட்களைப் பதிந்து அனுப்பும் சிறிய தொண்டு அலுவலகம் அது. டயகம பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முதலில் தொடங்கினோம். திங்கள்தோறும் காலையில் கணினி தானாகவே பட்டியலை எடுத்துத் தோட்ட டிஸ்பென்சரிக்கு மின்னஞ்சலில் அனுப்பும். அங்குள்ள மருத்துவ உதவியாளர் அதை, காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் வாசிப்பார். பெயர் வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவார்கள்.

முதல் பட்டியல் போன அன்றே அந்த மருத்துவ உதவியாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பேரு இருக்க வேண்டிய எடத்துல எல்லாம் கேள்விக்குறியா வருதுங்க."

"பொன்ட் இல்லாம இருக்கும். அனுப்புறேன், போட்டுக்கங்க," என்றேன். கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னேன். அந்தக் காலத்தில் கணினித் திரையில் தமிழ் சரியாக வராவிட்டால் எல்லோரும் சொல்லும் பதில் அது. அவர் மறுபடி கூப்பிடவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பொன்ட், அதாவது எழுத்துரு, இல்லாவிட்டால் கட்டங்கள் வரும். கேள்விக்குறி வந்தால் எழுத்தே தொலைந்துவிட்டது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாததல்ல. என் திரையில் பெயர்கள் அழகாக இருந்தன. தானாகப் போன கோப்பை மட்டும் நான் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. அதை எந்தக் குறியாக்கத்தில் எழுத வேண்டும் என்று கணினிக்குச் சொல்ல மறந்திருந்தேன். அது ஆங்கில எழுத்துகளுக்கான குறியாக்கத்திலேயே எழுதி, தனக்குத் தெரியாத ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டது.

நான்காவது வாரம் வேறு வேலையாக அந்தத் தோட்டத்துக்குப் போனேன். டிஸ்பென்சரி வாசலில் ஓர் அம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு கண்ணிலும் புரை.

"மூணு கெழமையா வந்து நிக்கிறேங்க. எம் பேரு இன்னும் வரலீங்களா, அய்யா?"

சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தேன். ஆட்கள் குடியிருக்கும் லயத்தின் எண் இருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய திகதி இருந்தது, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள். அந்த லயத்தில் பதிந்தவர்கள் பலர், அதனால் எது யாருடைய வரி என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. பையிலிருந்த என் பதிவேட்டை வைத்துப் பார்த்ததில் அம்மாவின் திகதி போன வாரமே கடந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அடுத்த சத்திரசிகிச்சை முகாமுக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன.

நான் வாயைத் திறப்பதற்குள் மருத்துவ உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"தப்பு எம்மேலதாங்கம்மா. அய்யா பொன்ட் அனுப்பினாங்க. எனக்குத்தான் சரியாப் போடத் தெரியல."

"பரவாயில்லீங்க. அடுத்த தடவ பாத்துக்கலாம்," என்றார் அந்த அம்மா, அவரைத் தேற்றுவதுபோல.

ஹற்றனுக்குத் திரும்பி அதைச் சரிசெய்ய எனக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. அங்கே அந்த இரண்டு பேருக்கும் முன்னால், தப்பு என்னுடையது என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் சொல்லவில்லை.