மார்கழியில் அடித்த அலாரம்

தருமபுரியிலிருந்து மொரப்பூர் போகிற வழியில் இருக்கும் ஒரு தனியார் பள்ளியில் நான் ஆபீஸ் பார்க்கிறேன். ஆபீஸ் என்றால் நான் ஒருத்திதான். சேர்க்கை, டி.சி., பஸ் இன்சூரன்ஸ், தீயணைப்புச் சான்று, தாளாளருக்குச் சர்க்கரை போடாத டீ எல்லாமே என் மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும். எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தவள் நான். அந்தப் பீற்றலுக்கு ஒரு பொங்கல் விடுமுறை நல்ல பூசை வைத்தது.

சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் தாளாளர் ஒரு கைப்பேசி ஆப் வாங்கினார். பெற்றோருக்கு வீட்டுப்பாடம், லீவு அறிவிப்பு எல்லாம் அதில் போகும் என்றார்கள். போனது. பார்க்கத்தான் ஆளில்லை. பெற்றோர் எல்லோரும் வாட்ஸ்அப் குழுவிலேயே குடியிருந்தார்கள். ஒப்பந்தம் வருஷா வருஷம் மார்ச் பதினேழில் முடியும். ஆனால் முடியாது. அறுபது நாளுக்குக் குறையாமல் முன்கூட்டி "வேண்டாம்" என்று எழுத்தில் போய்ச் சேராவிட்டால், அதுவே அடுத்த வருஷத்துக்கு நீண்டுவிடும். இது ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் படித்தது முதல் பக்கமும் கையெழுத்துப் போடும் பக்கமும்.

இதில் மாட்டிக்கொண்டவள் எங்கள் நூலக மிஸ். தற்காலிகமாக வந்தவள். இரண்டாம் டிரிப் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் முன்பெல்லாம் மண்ணை அள்ளி ஒருவர் தலையில் ஒருவர் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவள் வந்த பிறகு வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்தார்கள். பஸ் வந்தால் ஏறமாட்டேன் என்று ஒரு மூன்றாம் வகுப்பு அழுததை நானே பார்த்தேன். அவளை நிரந்தரமாக்கத் தாளாளருக்கும் ஆசைதான். "அந்த ஆப்ப நிறுத்துனா அந்தக் காசுல இந்தப் புள்ளைய வெச்சுக்கலாம்" என்று என் முன்னாலேயே அவளிடம் சொன்னார்.

நான் உடனே சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் தாள்களைப் புரட்டிக் கடைசி நாளைக் கண்டுபிடித்து, அந்தத் தாளில் சிவப்பு மையில் "ஆப் – கடிதம்" என்று எழுதிவைத்தேன். அது பொங்கல் விடுமுறைக்குள் வரும் தாள். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, ஆபீஸ் கூட்டும் அம்மா வழக்கம்போல அஞ்சு தாளையும் ஒரே இழுப்பில் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டார். அவர்மேல் எரிந்து விழுந்தேன். அநியாயம் அது. தாள் சுவரிலேயே இருந்திருந்தாலும் அன்றைக்கு ஆபீஸ் பூட்டித்தானே கிடந்தது, யார் படித்திருப்பார்கள்?

மார்ச்சில் அடுத்த வருஷத்துக்கான பில் வந்தது. தாளாளர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நூலக மிஸ்ஸைக் கூப்பிட்டு, "இன்னும் ஒரு வருசம் இப்டியே ஓட்டிக்கம்மா" என்றார். அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்து என்னைப் பார்த்து, "வுடுங்கக்கா, பாத்துக்கலாம்" என்று சிரித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அதோடு அவள் வீட்டுக்காரர் ஓசூரில் வேலை தேட ஆரம்பித்துவிட்டார். அடுத்த வருஷமும் நிரந்தரம் ஆகாவிட்டால் குடும்பத்தோடு ஓசூர்தான், ஏதாவது ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிடுவாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கணினியில் ஒரு ஷீட் திறந்தேன். பள்ளியில் புதுப்பிக்க வேண்டியது என்று என்னவெல்லாம் உண்டோ அத்தனையையும் பீரோவிலிருந்து இழுத்துப்போட்டேன். பஸ் தகுதிச் சான்று, கட்டட உரிமம், இணையதளப் பெயர், ஜெராக்ஸ் மெஷின் பராமரிப்பு என்று முப்பதுக்கும் மேல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் முடியும் தேதி, தானாக நீளுமா நீளாதா, எத்தனை நாள் முன்னால் சொல்லவேண்டும், யாருக்கு, எந்த வழியில். கடைசியாக ஒரு கட்டம்: சொல்ல வேண்டிய கடைசி நாள். முடியும் தேதியிலிருந்து அத்தனை நாளைக் கழித்து ஷீட்டே அதைப் போட்டுவிடும் என்றார் கம்ப்யூட்டர் சார். எனக்கோ பிழை என்று மட்டும் வந்தது. நாம் தேதிக்கு நடுவே புள்ளி வைத்து எழுதுகிறோம் அல்லவா, அதை அது தேதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. புள்ளியை எல்லாம் சாய்கோடாக மாற்றியதும் வந்து நின்றது: ஜனவரி பதினாறு. அடடா, அன்றைக்கு நான் கைதட்டியே விட்டேன்! எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஜன்னலில் எட்டிப்பார்த்துவிட்டு ஓடியது.

கடைசி நாளுக்கு முப்பது நாள் முன்பு ஒரு நினைவூட்டல், பத்து நாள் முன்பு ஒன்று, மூன்று நாள் முன்பு ஒன்று. என் கைப்பேசியிலும் தாளாளர் கைப்பேசியிலும் சேர்த்தே அடிக்கும்படி வைத்தேன். இனி யார் தாளைக் கிழித்தாலும் கவலையில்லை.

முதல் அலாரம் சொன்னபடி டிசம்பர் பதினேழு காலையில் அடித்தது. தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு பறந்தேன். தாளாளர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இன்னைக்கு மார்கழி ரெண்டு."

நான் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"மார்கழில எதையும் தொட வேணாம். இத முடிச்சா அந்தப் புள்ளைக்கு ஆர்டர் போடணும். நல்ல காரியம். தை ஒண்ணு அன்னைக்குப் போட்டுக்கலாம்."

"இது தொடங்கறது இல்லீங்களே சார், முடிக்கறதுதானுங்களே!"

"முடிக்கறதுன்னா இன்னும் மோசம்" என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முப்பது நாள் என்று போட்ட எனக்கு, மூன்று அலாரமும் மார்கழிக்குள் விழும் என்று உறைக்கவே இல்லை. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த எனக்கே! நாற்பது என்று போட்டிருந்தால் கார்த்திகையில் கையெழுத்தாகியிருக்கும். தை ஒன்று பொங்கல், ஜனவரி பதினைந்து. கடைசி நாள் மறுநாள், மாட்டுப் பொங்கல். தபாலாபீஸ் இருக்காது. மின்னஞ்சல் ஒன்றுதான் வழி. பள்ளியின் பதிவுசெய்த முகவரியிலிருந்து, தாளாளர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதத்தோடு போகவேண்டும். பத்து நாள் அலாரம் அடித்தது. மூன்று நாள் அலாரமும் அடித்தது. "ஞாபகம் இருக்குதும்மா" என்று இரண்டு தடவையும் அணைத்துவிட்டார்.

பொங்கலன்று எங்கள் வீட்டில் பானை பொங்கியதும் பொங்கலோ பொங்கல் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, கடிதம், முத்திரை, மைப்பெட்டி, இரண்டு பேனா எல்லாவற்றையும் பையில் போட்டேன். "நல்ல நாளும் அதுவுமா எங்கடி?" என்றார் வீட்டுக்காரர். "ஜனவரி பதினாறுக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தேன். தாளாளர் வீடு இண்டூரில். மதியம் வரச் சொல்லியிருந்தார்.

நான் போனபோது மணி பன்னிரண்டரை. வாசலில் விறகு ஈரம், அடுப்பு புகைகிறது, பானை பொங்குகிற பாட்டைக் காணோம். பொங்கி, சாமி கும்பிட்டபின் கையெழுத்து என்றார். வியாழக்கிழமை ராகுகாலம் ஒன்றரைக்கு. அதற்குள் பொங்காவிட்டால் மூன்று மணிக்கு மேல்தான். மூன்று மணிக்கு மேல் சொந்தக்காரர்கள் வருவார்கள், அவர்களோடு அவர் எங்கே கிளம்புவாரோ யார் கண்டது? நான் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து அடுப்பை ஊதினேன். கண்ணெல்லாம் நீர். தாளாளர் வீட்டம்மா, "ஆபீஸ்லகூட இப்டித்தான் ஊதுவீங்களாம்மா?" என்று கேலி செய்தார். ஒன்று பத்துக்குப் பானை பொங்கியது பாருங்கள், அந்த வீட்டுப் பிள்ளைகளைவிட நான்தான் பெரிதாகக் கத்தினேன்.

ஒன்று இருபதுக்குத் தாளாளர் கிழக்கே பார்த்து உட்கார்ந்து, கடிதத்தின் மூலையில் மஞ்சள் தடவிக் கையெழுத்துப் போட்டார். முத்திரை வைத்தேன். கைப்பேசியில் படமெடுத்து மின்னஞ்சலில் சேர்த்து அனுப்பினேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த வீட்டுக்குள் சிக்னல் சுத்தமாக இல்லை.

"மொட்ட மாடிக்கு வாம்மா, வா!" என்று அவரே முன்னால் ஓடினார். எழுபதைத் தொடும் மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறுகிறார். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் கையை உயர்த்தி நின்றேன்.

"போயிடுச்சா?"

"இல்லீங்க."

"இப்ப?"

"இல்லீங்க சார்."

"இந்தப் பக்கம் திரும்பு! ஒண்ணு இருவத்தேழு ஆச்சு!"

போய்விட்டது. போனதென்று திரையில் வந்ததும் அவர், "ஏய், போயிடுச்சு!" என்று கீழே இருந்தவர்களைப் பார்த்துக் கத்தினார். என்ன போயிற்று என்று தெரியாமலே கீழே எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன்.

ஆனால் அனுப்பியது மட்டும் போதாது, பெற்றுக்கொண்டோம் என்று அவர்கள் சொல்லவேண்டும். ஷீட்டில் அந்த வரியை நான் முடிந்தது என்று மாற்றவில்லை. மறுநாள் மாட்டுப் பொங்கலில் மணிக்கு ஒருமுறை அஞ்சலைத் திறந்து பார்த்தேன். சாயங்காலம் பதில் வந்தது: கடிதம் கிடைத்தது, ஒப்பந்தம் நீளாது, மார்ச் பதினேழோடு சேவை நிற்கும். திங்களன்று அவர்கள் ஆள் போன் செய்து சலுகை தருவதாகக் கெஞ்சினார். நான் மிக மரியாதையாக, மிக நிதானமாக, "வேணாமுங்க" என்றேன். அந்த வார்த்தையில் இவ்வளவு ருசி உண்டென்று அதுவரை எனக்குத் தெரியாது.

அந்த வாரமே நல்ல நாள் பார்த்து நூலக மிஸ்ஸுக்கு ஆர்டர் போட்டார் தாளாளர். நான்தான் தட்டச்சு செய்தேன். அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், வெற்றுத்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்னம்மா, ஏதாச்சும் தப்பா இருக்குதா?"

"எந்தத் தேதி வரைக்கும்னு போடாம வுட்டுட்டீங்கக்கா" என்றாள்.

"அதுக்குத் தேதி கெடயாதும்மா" என்றேன்.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.