தனலெட்சுமி நால்வருக்கும் அனுப்பிய பதில்

ஜொகூர் பாருவில் எங்கள் அறக்கட்டளை சிறுநீரக நோயாளிகளுக்கு நடத்தும் ரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் தனலெட்சுமி கொள்முதல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். பிரிவு என்றால் அவர் ஒருவர்தான். மேசை ஒன்று, கணினி ஒன்று, பின்னால் ஊசிப் பெட்டிகள் அடுக்கிய அலமாரி ஒன்று. அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், கதிரேசாகிய என்னை அங்கே கௌரவச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது போன ஆண்டு நடந்த ஒரு காரியத்தினால். அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் முழுவதும் இறங்கவில்லை.

அவர் ரெங்கத்துப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அப்பா தோட்ட லாரி ஓட்டினார். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் சேர்ந்து, பிறகு கொள்முதல் உதவியாளராக உயர்ந்தார். அம்மா படுக்கையில் விழுந்தபோது அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டு இங்கே வந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவின் மருந்துக்கும் வீட்டு வாடகைக்கும் இந்த வேலைதான்.

வந்த புதிதில் அவர் செய்த முதல் காரியம் பலருக்குப் பிடிக்கவில்லை. எதை வாங்கினாலும் மூன்று விலைப்புள்ளிகள் வேண்டும் என்பது மையத்தின் விதி. அவருக்கு முன்பிருந்தவர் தெரிந்த கடைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, "மூணு கொட்டேஷன் கொடுத்துடுங்க" என்பார். கடைக்காரரும் தன் விலையை ஒரு தாளிலும், அதைவிடக் கூடுதலான விலைகளை நண்பர்களின் கடைப் பெயரில் வேறு இரண்டு தாள்களிலும் அடித்துக் கொடுத்துவிடுவார். பல இடங்களில் இதுதான் வழக்கம். தனலெட்சுமி அதை நிறுத்தினார்.

"மூணு தாளு வந்தா மூணு வெலைன்னு ஆயிடுமா அங்கிள்?" என்று என்னிடம் கேட்டார். "ஒருத்தரையே மூணு தடவ கேட்ட மாதிரிதானே."

அவருடைய முறை இப்படி. என்ன வேண்டும், எவ்வளவு, எந்தத் தரம், பொருத்தித் தரும் செலவு சேர்த்தா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எந்தத் தேதிக்குள் பதில் வர வேண்டும் என்று எல்லாம் ஒரே கடிதத்தில் இருக்கும். அதே கடிதம் எல்லா விற்பனையாளருக்கும் ஒரே நேரத்தில் போகும். யாருக்குப் போயிருக்கிறது என்று மற்றவருக்குத் தெரியாது. விலைகள் தனி மின்னஞ்சல் பெட்டிக்கு வரும். அதன் கடவுச்சொல் என்னிடம் மட்டும். கெடு முடிந்த பிறகு, தலைவர் முன்னிலையில்தான் நான் அதைத் திறப்பேன். யாராவது சந்தேகம் கேட்டால் அது தனலெட்சுமியின் சொந்த முகவரிக்கு வரும். அவர் கேட்டவருக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டார். கேட்டவரின் பெயரை எடுத்துவிட்டு, கேள்வியையும் பதிலையும் எல்லாருக்கும் அனுப்புவார். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாவிட்டால் விலைகளை ஒப்பிடுவதில் பொருளில்லை என்பார்.

அந்தப் பழக்கம்தான் அவரை மாட்டிவிட்டது.

சிகிச்சைக்கு வேண்டிய சுத்தமான நீரைத் தருகிற எங்கள் இயந்திரம் பழசாகிவிட்டது. அது ஒரு நாள் நின்றால் அன்றைக்கு யாருக்கும் சிகிச்சை இல்லை. புதியது வாங்க நான்கு பேரிடம் விலை கேட்டோம். ஸ்கூடாயில் கடை வைத்திருக்கும் லிம் ஒருவர். தனலெட்சுமி வளர்ந்த அதே தோட்டத்தைச் சேர்ந்த வசந்தன் ஒருவர். கூலாயில் ஒரு நிறுவனம், நகரத்தில் ஒரு பெரிய நிறுவனம்.

கெடு முடிந்த மறுநாள் நான் பெட்டியைத் திறந்தேன். தலைவர் பிரெட்ரிக் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வங்கி மேலாளராக இருந்தவர். கார் இல்லாத நோயாளிகளைத் தன் காரில் ஏற்றி வருகிற நல்ல மனிதர். லிம்முடைய விலை நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு மலேசிய வெள்ளி. வசந்தனுடையது நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பது. கூலாய் நிறுவனம் நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு. பெரிய நிறுவனம் மட்டும் ஐம்பத்தேழாயிரத்துக்கு மேல்.

எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. வேறு வேறு தயாரிப்பு, வேறு வேறு குழாய், வேறு வேறு கூலி. மூன்று பேர் இப்படி ஐம்பது ஐம்பது வெள்ளி வித்தியாசத்தில் வந்து நிற்க முடியாது. இருவர் மூன்றாமவரின் விலையைப் பார்த்திருக்க வேண்டும்.

பிரெட்ரிக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கதிரேசு அண்ணே, பாஸ்வேர்ட் உங்ககிட்டதானே இருக்கு?"

எழுபத்திரண்டு வயதில் என்னைப் பார்த்து ஒருவர் அப்படிக் கேட்பார் என்று நான் நினைத்ததில்லை. அன்று காலைக்கு முன்பு அந்தப் பெட்டி திறக்கப்படவே இல்லை என்பதைத் திரையிலேயே காட்டினேன். அவர் பார்த்துவிட்டுத் தனலெட்சுமியின் பக்கம் திரும்பினார்.

"வசந்தன் ஒங்க எஸ்டேட் ஆளுதானே தனம்?"

"ஆமா சார். தெரிஞ்சவர்னு மொதல்லயே எழுதிக் கொடுத்திருக்கேன்."

"எழுதிக் கொடுத்தா சரியாயிடுமா?"

தனலெட்சுமியின் முகம் சாம்பலாகிவிட்டது. ஆனால் குரல் மாறவில்லை. "நான் அனுப்பின மெயில் எல்லாத்தையும் இப்பவே தொறக்கிறேன் சார். நீங்களே பாருங்க."

கணினியைத் திருப்பி வைத்தார். முதல் கடிதம் சரி. அடுத்தது கேள்வியும் பதிலும். இயந்திரத்திலிருந்து சிகிச்சை அறைக்குப் போகும் குழாயையும் விலையில் சேர்க்க வேண்டுமா என்று லிம் கேட்டிருந்தார். எந்தக் குழாய் என்று காட்ட ஒரு படத்தில் சிவப்புக் கோடு போட்டு அனுப்பியிருந்தார். படம் இல்லாமல் கேள்வி புரியாது. அதனால் தனலெட்சுமி இந்த முறை கேள்வியைத் தட்டச்சு செய்யாமல், லிம்முடைய மின்னஞ்சலையே முன்னனுப்பியிருக்கிறார். பெயரையும் தொலைபேசி எண்ணையும் அழித்துவிட்டு, 'ஆம், சேர்க்க வேண்டும்' என்று பதிலைச் சேர்த்து, பேருந்தில் வரும்போது கைத்தொலைபேசியிலிருந்தே அனுப்பியிருக்கிறார்.

இப்போது பெரிய திரையில் அந்த மின்னஞ்சலின் அடியில் இணைப்புகள் தெரிந்தன.

"இதுல ரெண்டு இருக்கு," என்றார் தனலெட்சுமி.

ஒன்று படம். இன்னொன்று லிம் தயாரித்து வைத்திருந்த விலைப்புள்ளி. படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது லிம்முடைய விரல் பக்கத்திலிருந்த கோப்பிலும் பட்டிருக்கிறது. அவருக்கும் தெரியவில்லை, தனலெட்சுமிக்கும் தெரியவில்லை. நிறுவனப் பெயர், முத்திரை, மொத்தத் தொகை எல்லாம் அதில் இருந்தன. எல்லாருக்கும் ஒன்றுபோல் நியாயமாக இருக்க வேண்டும் என்று அனுப்பிய பதில், லிம்முடைய விலையை அவருடைய போட்டியாளர் மூவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது.

பிறகு தனலெட்சுமி வசந்தனைக் கூப்பிட்டு, நாங்கள் கேட்கும்படி தொலைபேசியை மேசைமேல் வைத்தார்.

"வசந்தா, ஆபீஸ்ல எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. குழாய் பத்தி நான் அனுப்பின மெயில்ல வேற ஏதும் பாத்தியா?"

"ஒரு கொட்டேஷன் இருந்துச்சே அக்கா. நீங்கதான் வெச்சீங்கன்னு நெனச்சேன். டார்கெட் பிரைஸ் மாதிரி, இதுக்குக் கீழ போடுன்னு சொல்றீங்கன்னு."

"லிம்மோட பேரு அதுல இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு. எல்லா எடத்துலயும் இப்படித்தானே கொடுக்கிறாங்க. நீங்க மட்டும்தான் கொடுக்க மாட்டேங்கிறீங்க, இப்பயாவது திருந்திட்டீங்கன்னு நெனச்சேன் லா."

அவன் சிரித்தான். அவனுக்கு அதில் ஒரு தவறும் தெரியவில்லை என்பது எனக்கு அன்றைய இரண்டாவது அடி.

மூன்றாவது அடி பிரெட்ரிக்கிடமிருந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் முகம் தெளிந்துவிட்டது. "சரி, தனம் வேணும்னு செய்யல. அது போதும். கூலாய்க்காரன் வெலைதான் கம்மி. மெஷினும் நம்ம கேட்ட மாதிரியே இருக்கு. அதையே எடுத்துடலாம்."

"சார், லிம்முக்கு?"

"அவருக்குத் தெரியவே தெரியாது. நோயாளிங்களுக்கு மெஷின் வேணும். அது முக்கியமா, இது முக்கியமா?"

நான் திகைத்துப் போனேன். பணத்தாசை பிடித்தவர் சொல்லியிருந்தால் இவ்வளவு திகைத்திருக்க மாட்டேன்.

"ஒப்பீட்டுப் பட்டியல்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்," என்றார் தனலெட்சுமி. "நாலு பேரும் ஒருத்தர் வெலைய ஒருத்தர் பாக்காம போட்டதுன்னு அதுல அச்சடிச்சிருக்கு. அது பொய்யி. நாலு பேருக்கும் ரத்துன்னு எழுதணும். ஏன்னும் எழுதணும்."

"எழுதினா அது வெளிய போவும். நன்கொடை கொடுக்கிறவங்க கேப்பாங்க, தப்புப் பண்ணவங்கள இன்னும் ஏன் வெச்சிருக்கீங்கன்னு. அப்ப நான் ஒங்கள வெச்சிருக்க முடியாது. அம்மாவ நெனச்சுப் பாருங்க."

"நெனச்சுட்டேன் சார். தப்பு என்னோடதுன்னும் எழுதுறேன்."

நான் தனலெட்சுமி பக்கம் பேசினேன். பிரெட்ரிக் கையை விரித்துவிட்டு எழுந்து போனார். கடிதம் அன்று மாலையே நால்வருக்கும் போனது. அதில் சாக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் தனலெட்சுமியைப் பதிவு முகப்புக்கு மாற்றிவிட்டார்கள். வேலை நீடிக்குமா என்பதைக் குழு பிறகு முடிவு செய்யும் என்று ஒரு வரிக் கடிதம் அவர் கையில் கொடுக்கப்பட்டது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வந்த நோயாளிகளுக்கு எடை பார்க்க வரிசை எண் கொடுத்துக்கொண்டிருந்தார்.

லிம் நேரில் வந்தார். கத்தப் போகிறார் என்று பயந்தேன். கடிதத்தைத் தலைவரின் மேசையில் வைத்து, இருபது ஆண்டு வியாபாரத்தில் தன் விலையை மற்றவர்களிடம் காட்டிய இடங்கள் பல இருக்கும், காட்டிவிட்டோம் என்று எழுதிக் கொடுத்த இடம் இது ஒன்றுதான் என்று மலாயில் சொன்னார். இணைப்பைத் தவறாக வைத்ததில் தனக்கும் பங்கு உண்டு என்றார். பிரெட்ரிக் அவருக்குக் காப்பி வரவழைத்தார்.

மறுபடி விலை கேட்டோம். எப்படியும் வாங்க வேண்டியிருந்த நீர்த் தொட்டியையும் இரண்டு ஆண்டுப் பராமரிப்பையும் இம்முறை சேர்த்தோம். அதனால் வெளியான விலையை வைத்து யாரும் கணக்குப் போட முடியாது. பழைய நால்வரோடு புதிதாக இருவரையும் சேர்த்தோம். வசந்தனை விட்டுவிடலாம் என்றேன். "பிழை நம்ம பக்கம் அங்கிள், அவனத் தள்ளி வைக்க நமக்கு என்ன இருக்கு?" என்றார் தனலெட்சுமி. குழு தனலெட்சுமியை வேலையிலிருந்து நீக்கவில்லை. மேசை திரும்பக் கிடைத்தது. கேள்விகளைப் புதிதாகத் தட்டச்சு செய்து, நானும் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும் என்று மட்டும் தீர்மானித்தார்கள். தீர்மானத்தை முன்மொழிந்தவர் பிரெட்ரிக்.

இந்த முறை விலைகள் சிதறிக் கிடந்தன, கிடக்க வேண்டிய மாதிரி. பத்து பகாட் என்ற ஊரிலிருந்து வந்த புதியவர் எல்லா நிபந்தனைகளுக்கும் உட்பட்டு, குறைந்த விலை கொடுத்திருந்தார். லிம் இரண்டாவது.

தோற்றவர்களுக்குத் தனலெட்சுமி மின்னஞ்சல் அனுப்பினார். லிம்மை மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டார். கிடைக்கவில்லை, உங்களைவிடக் குறைவாக ஒருவர் போட்டிருக்கிறார், இந்த முறை உங்கள் விலையை யாரும் பார்க்கவில்லை என்று சொன்னார்.

"தா ஆபா லா," என்று மலாயில் பரவாயில்லை என்றார் லிம். அடுத்த தடவையும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

தனலெட்சுமி தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.