மூத்த மாப்பிள்ளையின் மைக்கும் முர்ஷிதின் பாட்டும்

அபூசாலி மைக்கைக் கையில் எடுத்தால் முதலில் அதை ஊதுவார். பிறகு தொண்டையைக் காறுவார். அந்தக் காறலும் ஸ்பீக்கரில் எக்கோ போட்டு வீடு முழுக்கப் போகும். நஜ்லாவுக்கு வயிற்றைக் குமட்டிக்கொண்டு வரும். காறுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காறிவிட்டு, ஏதோ பெரிய காரியம் முடித்தவரைப்போல எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துச் சிரிப்பாரே, அதைத்தான் அவளால் சகிக்க முடியாது.

கல்முனைக்குடியில் உம்மா பாத்தும்மாவின் வீடு இருக்கும் அதே வளவில் மகள்மாருக்கு இரண்டு வீடு. ஒன்று மூத்தவள் றம்ஸியாவுக்குச் சீதனமாகக் கொடுத்தது, மற்றது இளையவள் நஜ்லாவுக்கு. அபூசாலி றம்ஸியாவின் மாப்பிள்ளை, கத்தாரில் நெடுங்காலம் இருந்து வந்தவர். வரும்போது ஒரு ஆள் உயரத்தில் பாதி இருக்கும் ஸ்பீக்கர் ஒன்றும் கூடவே வந்தது. முர்ஷித் நஜ்லாவின் மாப்பிள்ளை, நிந்தவூரில் கரைவலை இழுத்து மீன்பிடிக்கும் ஒருவரின் மகன், இப்போது அரிசி ஆலையில் வேலை. மெல்லக் கதைக்கிற மனுசன். கடையில் சீனி கேட்டால்கூட முதலாளி இன்னொரு முறை கேட்டுத்தான் நிறுப்பார்.

பெருநாளின் அடுத்த நாள் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த பிறகு உம்மா பாத்தும்மாவின் மண்டபத்தில் குடும்பம் கூடிப் பாடுவது அந்த வீட்டு வழக்கம். வெளியாள் யாரும் இல்லை, கதவு சாத்தியிருக்கும். வாப்பா இருந்த காலத்தில் அது நல்ல வழக்கமாகத்தான் இருந்தது. அபூசாலி வந்த பிறகு அது அபூசாலியின் கச்சேரியாகிவிட்டது. எல்லோரும் சுற்றியிருந்து உண்ணும் சஹனில் சோறு வைத்தாலும் மூத்த மருமகன் கை வைத்த பிறகுதான் மற்றவர் கை வைக்கவேண்டும் என்று இருப்பவர் பாத்தும்மா. பாட்டுக்கும் அதே முறையைத்தான் வைத்தார். மூத்தவர் முதலில், அவர் முடித்ததும் இளையவர்.

அந்த முறைதான் முர்ஷிதைக் கொன்றது. அபூசாலி உச்சக் குரலில் ஒரு சினிமாப் பாட்டைக் கத்தி முடித்து, கைதட்டும் வாங்கிவிட்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் மைக்கை முர்ஷிதின் கையில் திணிப்பார். போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் அப்படித்தான் நடந்தது. பாட்டையும் அவரே தெரிவு செய்தார், தனக்கு வாய்க்கிற சுருதியிலேயே இசையை ஓடவிட்டார். சரணத்தில் ஏறவேண்டிய இடத்தில் முர்ஷிதின் குரல் பிளந்தது. அபூசாலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா? அந்தப் பிளந்த இடத்தை மட்டும் வெட்டிக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். நஜ்லா அதைப் பார்த்தபோது, சோற்றில் ஈ கிடந்ததைப் பார்த்தவளைப்போலத் தொலைபேசியைத் தள்ளி வைத்தாள்.

இந்த நோன்புப் பெருநாள் நெருங்கும்போது முர்ஷித் சொன்னார்: "இந்தத் தரம் பெருநாளைக்கு நான் எங்கட உம்மாட ஊட்ட போறன். நீ புள்ளயளோட இரி."

பெருநாளில் மாப்பிள்ளை பெண்சாதி வீட்டில் இல்லாவிட்டால் ஊர் என்ன கதைக்கும் என்று நஜ்லாவுக்குத் தெரியும். ஊரை விடுவோம். இந்த மனுசன் ஒருமுறை அப்படிப் போய்விட்டால் பிறகு ஒவ்வொரு பெருநாளும் போவார். அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் அவருக்கு இடமே இராது.

"போகாதீங்க. பாட்ட நான் பாத்துக்குறன்," என்றாள்.

"நான் பாட மாட்டன் நஜ்லா."

"பாடச் சொன்னனா? இரிங்க எண்டுதான் சொல்றன்."

நஜ்லா தையல்காரி. அளவு எடுக்காமல் துணியை வெட்டமாட்டாள். பாட்டுக்கும் அப்படித்தான் அளவெடுத்தாள். முர்ஷித் அவளுடைய மெஷினுக்கு எண்ணெய் விடும்போது தன்னையறியாமல் எதையாவது முனகுவார். கரைவலை இழுக்கிறவர்கள் ஒருவர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் ஏலேலோ போடுவார்களே, அந்த மாதிரி ஒன்று. சின்ன வயதில் வாப்பாவோடு கயிறு பிடித்தபோது கேட்டது. ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை, நாலைந்து சுரத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு மூச்சில் ஒரு வரி முடிந்துவிடும். அடுத்த வரி வரும்வரை கூட்டம் பாடும், பாடுகிறவர் மூச்சு வாங்கலாம். கூச்சக்காரனுக்கு இதைவிட ஏற்ற பாட்டு எங்கே தேடினாலும் கிடைக்காது என்று அவள் முடிவு செய்தாள். மெஷினடியில் முனகுவதை அப்படியே முனகினால் போதும் என்று அவரையும் இணங்க வைத்தாள்.

றம்ஸியாவுக்கு வெண்கலக் குரல். ஆனால் ஆண்கள் இருக்கும் இடத்தில் தனியாக வாய் திறக்கமாட்டாள். கூட்டத்துக்குள் இருந்தால் அவளே கூட்டத்தைத் தூக்கி நிறுத்துவாள். ஆகவே ஏலேலோவை முன்னின்று எடுக்கிற வேலை அவளுக்கு. உம்மாவுக்கு இரண்டு வரிக்கு மேல் ஞாபகம் நிற்காது, ஆனால் கைதாளம் பிசகாது. ஆகவே தாளம் அவருக்கு.

மிச்சம் இருந்தது அபூசாலி. மூத்தவர் முதலில் என்ற முறையை உடைத்தால் உம்மா அழுவார். அதனால் முதலாவதாக நபி புகழ் பாடும் பைத்தை அபூசாலியே தொடங்கட்டும் என்றாள். பைத்துக்கு அந்த வீட்டில் ஸ்பீக்கர் போடுவதில்லை, எல்லோரும் இருந்தபடியே சேர்ந்து பாடுவார்கள். மரியாதையும் ஆயிற்று, எல்லோருடைய தொண்டையும் திறந்தாயிற்று. பைத்து முடிந்த கையோடு, ஸ்பீக்கர் இல்லாமலே முர்ஷிதின் பாட்டு. அதற்குப் பிறகு அபூசாலி தன் நீட்டு நீட்டுச் சினிமாப் பாட்டுகளை மைக்கில் தன் சுருதியிலேயே பாடட்டும். அந்த நேரம் வட்டிலப்பம் பரிமாறுவதென்றும் நஜ்லா தீர்மானித்தாள். வாயில் இனிப்பு இருந்தால் முகம் சுளிப்பது அவ்வளவாகத் தெரியாது.

"என்னகா, சட்டைக்குப்போல பாட்டுக்கும் வெட்டுக் கடதாசி போட்டிருக்கியா?" என்று றம்ஸியா சிரித்தாள்.

"உங்கட மனுசனுக்குத்தான் ராத்தா போட்டது."

தன் புருசனைப் பற்றி றம்ஸியா வாய் திறந்து நல்லதும் சொல்வதில்லை, கெட்டதும் சொல்வதில்லை.

பெருநாள் மறுநாள் எல்லோரும் பாய் விரித்து இருந்தார்கள். முர்ஷிதைச் சுவரோரமாக, பிள்ளைகளுக்கு நடுவில் இருத்தினாள் நஜ்லா. மண்டபத்தின் நடுவில் இருப்பவனைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அபூசாலி பைத்தைத் தொடங்கினார். மைக் இல்லாமல் பாடுவதில் அவருக்கு இஷ்டமில்லை என்பது முகத்தில் தெரிந்தது, ஆனாலும் முதலிடம் கிடைத்ததில் மனம் ஆறியிருந்தார். பைத்து நன்றாக அமைந்தது. கடைசி அடி அடங்குவதற்குள் பாத்தும்மா கைதாளத்தை மாற்றினார். முர்ஷித் பாயைப் பார்த்துக்கொண்டே முதல் வரியைச் சொன்னார். சிறிய குரல்தான், ஆனால் நேரான குரல். றம்ஸியா ஏலேலோ எடுத்தாள், மண்டபமே சேர்ந்தது. இரண்டாவது வரிக்கு முர்ஷிதின் தலை நிமிர்ந்தது. மூன்றாவது வரியில் தோளும் அசைந்தது, கயிறு இழுப்பவரின் அசைவு. நஜ்லா வட்டிலப்பத் தட்டை மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அபூசாலிக்கு அது பொறுக்கவில்லை. பிறரைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டுவது அவருக்குப் பழக்கமில்லாத காட்சி. எழும்பினார், ஸ்பீக்கரைப் போட்டார், மைக்கை ஊதினார். பாட்டு நடுவில் கிடக்கிறது, அந்த மனுசன் காறுகிறார்!

"சகலன், இப்பிடிப் பாடினா யாருக்குக் கேக்கும்? எழும்புங்க, எழும்பி நிண்டு பாடுங்க. புள்ளயள், லைட்ட இஞ்சால திருப்புங்க!" என்று சொல்லி மைக்கை முர்ஷிதின் உதட்டோடு ஒட்டினார். மற்றக் கையில் தொலைபேசி, கமராவும் திறந்தாயிற்று. மைக் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருந்ததால் கீயென்று ஒரு சத்தம் காதைக் கிழித்தது. முர்ஷிதின் வரி பாதியில் நின்றது. தோள் இறங்கியது, கண் மறுபடியும் பாய்க்குப் போனது.

"சொன்னன்தானே!" என்று அபூசாலி சிரித்தார்.

நஜ்லாவுக்கு எல்லாமே ஒன்றாக அருவருத்தது. அந்தச் சிரிப்பு, மைக்கின் வலையில் ஒட்டியிருந்த எச்சில் ஈரம், அதைத் தன் மனுசனின் உதட்டில் வைத்த கை, இவ்வளவையும் பார்த்துக்கொண்டு மூத்த மருமகன் மனம் நோகக்கூடாதே என்று வாய்மூடியிருந்த தன் வீட்டார், இத்தனை வருசமும் அப்படியே இருந்த தான். சுவரோரம் போய் ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினாள். எக்கோ அரைச் சொல்லில் செத்தது.

"நஜ்லா!" பாத்தும்மா பதறினார். "மூத்த மருமகன்டி!"

"எனக்கு வயித்தக் குமட்டுது உம்மா," என்றாள். அபூசாலியின் பக்கம் திரும்பினாள். "மச்சான், அந்த மைக்க அங்கால வைங்க. அவர் பாடிக்கொண்டிரிக்கார்."

முர்ஷித் இப்போது எழும்பி வெளியே போய்விடுவார் என்றுதான் நஜ்லா நினைத்தாள். போனால் நிந்தவூருக்குத்தான் போவார். தானே அந்தக் காரியத்தைச் செய்துவைத்தோம் என்று பிடுங்கிய வயரோடு நின்றாள்.

அப்போது றம்ஸியா ஏலேலோ எடுத்தாள். ஒரு ஆளாக, தனியாக, தன் புருசனைப் பாராமல். பாத்தும்மாவின் கை தானாகத் தாளத்துக்குப் போனது. பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஏலேலோ முடிந்தது, அடுத்த வரி வரவில்லை. றம்ஸியா மறுபடியும் எடுத்தாள். அந்த முறை முடிந்த இடத்தில் முர்ஷித் அறுந்த வரியை முதலிலிருந்து சொன்னார். பாட்டு முடியும்வரை சொன்னார்.

வட்டிலப்பம் வந்தபோது அபூசாலி ஸ்பீக்கரைப் போடவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு, கரண்டியை நக்கியபடி பாத்தும்மாவிடம் சொன்னார்: "என்ன மாமி, நான் மைக்க நீட்டி ரோசத்தக் கிளப்பினதாலதான் சகலன் பாடின. இல்லாட்டி இண்டைக்கும் ஊமைதான்."

இப்படியும் ஒரு மனுசனால் வெட்கமில்லாமல் சொல்ல முடியுமா! நஜ்லாவின் வாயில் இருந்த இனிப்பு கசந்தது. துப்பவேண்டும் போல இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் சுவரோரத்திலிருந்து முர்ஷித் பேசினார். சத்தம் கூட்டவில்லை, எல்லோரும்தான் அசையாமல் இருந்து கேட்டார்கள்.

"சரி மச்சான். அடுத்த பெருநாளைக்கும் நான் இஞ்சதான் இரிப்பன். கரவலப் பாட்ட நானே தொடங்குறன். மைக்க வெச்சுப்போட்டு வந்து பக்கத்தில இரிங்க, நீங்க ஏலேலோ போடுங்க."

அபூசாலி கரண்டியோடு அப்படியே இருந்தார். முதலில் சிரித்தவள் றம்ஸியாதான்.