முஷ்டியில் எண்ணிய மாதங்கள்

மாதத்துக்கு எத்தனை நாள் என்று எண்ண, இடது கையை முஷ்டியாக மடக்கி, சுண்டுவிரல் முட்டியிலிருந்து தொடங்குவார். மேடு என்றால் முப்பத்தொன்று, பள்ளம் என்றால் முப்பது, பிப்ரவரி மட்டும் விலக்கு. ஊரில் அவருக்குக் 'கட்டக்காரர்' என்று பெயர். பயிர்த் திட்டத்தை மாதவாரியாகக் கட்டம் போட்டுக் கால்வாய் அலுவலகத்தில் கொடுப்பதில் அவ்வளவு கறார். படிவத்தில் 'தண்ணீர்' என்ற வரிசையில் எந்த மாதக் கட்டம் நிரப்பியிருக்கிறதோ அந்த மாதம்தான் மடை திறப்பார்கள். காலி என்றால் காலிதான்.

திட்டம் கொடுக்க அன்று கடைசி நாள். பன்னிரண்டுக்குக் கவுன்டர் மூடிவிடும், வண்டியில் போக இருபது நிமிடம். பதினொன்று இருபதுக்கே வாசலில் அவருடைய அண்ணன் வண்டியை உறும விட்டுக்கொண்டிருந்தார்.

நிரப்பிய படிவத்தில் மை உலர ஊதிக்கொண்டிருந்தவரின் தோளுக்குப் பின்னால் மனைவி வந்து நின்றாள். நாற்றங்கால் அவள் பொறுப்பு. விரலால் கட்டங்களைத் தடவிக்கொண்டே போனவள் நின்றாள்.

"ஜூலை பதினொண்ணு நடவு. ஆகஸ்ட் பதினஞ்சு பறிப்பு. ஏங்க, முப்பத்தஞ்சு நாள்ல மிளகாய் பறிக்கப் போறீங்களா? பூவே ஒழுங்கா வந்திருக்காதே."

தாளை அருகில் இழுத்துப் பார்த்தார். நாற்று நாற்பது நாள், முதல் பறிப்பு எழுபத்தைந்தாம் நாள். எழுபத்தைந்தை அவர் ஜூன் ஒன்றாம் தேதி விதைப்பிலிருந்து எண்ணியிருந்தார். நட்ட நாளிலிருந்து எண்ணியிருக்க வேண்டும். பறிப்பு மூன்று மாதம் என்பதால், நவம்பர் பாதியிலேயே தண்ணீரை நிறுத்தியிருந்தார். காய் பிடித்து நிற்கும்போது செடி காய்ந்திருக்கும்.

திருத்தி எழுதினால் வாங்க மாட்டார்கள். மிச்சமிருந்தது ஒரே ஒரு வெற்றுப் படிவம்.

"என்னடா, உள்ள ஜாதகமா கணிக்கிற?" என்று அண்ணன் கத்தினார்.

மறுபடி முஷ்டியை மடக்கினார். ஜூலையில் இருபது, ஆகஸ்ட் முப்பத்தொன்று, ஆக ஐம்பத்தொன்று. மிச்சம் இருபத்து நான்கு. செப்டம்பர் இருபத்து நான்கு முதல் பறிப்பு, டிசம்பர் இருபத்து நான்கு கடைசி. ஒவ்வொரு தேதியையும் மனைவி விரல்விட்டு எண்ணித் தலையசைத்த பிறகே பேனாவை வைத்தார். தண்ணீர் வரிசை டிசம்பர் வரை நீண்டது. பதினொன்று முப்பத்தெட்டு.

வழியெல்லாம் அண்ணன் திட்டிக்கொண்டே வந்தார். கவுன்டர் கதவு பாதி சாத்தியிருந்தபோது அண்ணன் தன் காலை நுழைத்து மறித்ததால்தான் தாள் உள்ளே போனது.

அறுவடையெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், மடை திறப்பவர் கட்டக்காரரிடம் பேச்சுவாக்கில் சொன்னார். முந்தைய வருடமும் கட்டத்தில் இதே பிசகாம். நவம்பர் பாதிக்கு மேல் அண்ணன் தன் முறைத் தண்ணீரை தம்பியின் மிளகாய்க்குத் திருப்பிவிடச் சொல்லியிருக்கிறார், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று. அந்த வருடம் அண்ணனின் வெங்காயம் கோலிக்குண்டு அளவுக்கு மேல் பருக்கவில்லை. அதைப் பார்த்து, கட்டம் போடத் தெரியாதவர் என்று அண்ணனை நாலு பேர் முன்னால் கேலி செய்தவர் கட்டக்காரர்தான்.